ஈடில்லாமல் 15,000: சாலையோர வியாபாரிகள் கடன் பற்றிய கேள்வி பதில்

பிரதமர் ஸ்வநிதி கடன் பற்றியும், அது பொருந்தாதவர்களுக்கான முத்ரா கடன் பற்றியும் வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் வங்கிக் கிளைகளில் சிறுகடன் பிரிவைப் பல காலம் பார்த்தவர்.

கேள்வி (தள்ளுவண்டிப் பழ வியாபாரம்): சார், எவ்வளவு தருவாங்க, மாசம் எவ்வளவு கட்டணும்? தண்டல்காரர்கிட்ட வாங்குறதைவிட லாபமான்னு மட்டும் சொல்லுங்க.

பதில்: ஸ்வநிதித் திட்டம் 2020 ஜூனில் தொடங்கியபோது முதல் கடன் 10,000. 2025 ஆகஸ்டில் திட்டத்தை மாற்றி 2030 மார்ச் வரை நீட்டித்தபோது அது 15,000 ஆனது. அதை ஒழுங்காக முடித்தால் இரண்டாவது 25,000, அதையும் முடித்தால் மூன்றாவது 50,000. முதல் கடனுக்கு ஒரு வருடம், இரண்டாவதற்கு ஒன்றரை வருடம், மூன்றாவதற்கு மூன்று வருடம்.

வட்டி வங்கிக்கு வங்கி மாறும். 12 சதவீதம் என்று வைத்துப் பார்ப்போம். 15,000 ரூபாய்க்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,333. முதல் மாதம் அதில் 150 ரூபாய் வட்டிக்குப் போகும், மீதி 1,183 அசலில் கழியும். அசல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, வருடம் முழுக்கச் சேர்த்து 993 ரூபாய் அளவுக்கு வரும். இதில் 7 சதவீதத்துக்கான பங்கை, சுமார் 579 ரூபாயை, அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் சேமிப்புக் கணக்கில் போடும். உங்கள் கையைவிட்டுப் போவது 414 ரூபாய்தான்.

தண்டலில் 10,000 என்று சொல்லி 8,500 கையில் தருவார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டச் சொல்வார்கள். அங்கே நூறு நாளுக்கே வட்டி 1,500. அதுவும் பாதித் தொகையை ஐம்பதாவது நாளிலேயே திருப்பிக் கொடுத்த பிறகு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மானியத்தைத் தவணையில் கழிக்க மாட்டார்கள். நீங்கள் 1,333ஐ முழுசாகக் கட்ட வேண்டும், மானியம் தனியாகக் கணக்குக்கு வரும். "அரசு 7 சதவீதம் தருதே" என்று தவணையில் குறைத்துக் கட்டியவர்கள் கணக்கில் நிலுவை நிற்பது அடிக்கடி நடக்கிறது.

கேள்வி (கீரைக் கூடை, கிராமத்திலிருந்து): எங்க ஊரு பஞ்சாயத்து. டெய்லி காலையில பஸ் ஏறி டவுன் மார்க்கெட் வாசல்ல கீரை விக்கிறேன். கார்டு எதுவும் இல்லை. எனக்குக் கிடைக்குமா அண்ணா?

பதில்: கிடைக்கும்மா. வீடு எங்கே என்பதைவிட வியாபாரம் எங்கே என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நகராட்சி எல்லைக்குள் விற்கிற சுற்றுப்புறக் கிராமத்தாருக்கும் ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு. சொந்த ஊர் பஞ்சாயத்து ஆபீசுக்கு அலைய வேண்டாம், நீங்கள் விற்கும் இடம் எந்த நகராட்சியில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ இருந்தால் வேலை சுலபம். நகராட்சி எடுத்த வியாபாரிகள் கணக்கெடுப்பில் பேர் இருந்து அட்டை மட்டும் வராதவர்களுக்குத் திட்டத்தின் இணையதளத்திலேயே தற்காலிகச் சான்று வந்துவிடும். இரண்டும் இல்லாத உங்களைப் போன்றவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளில் பேர், என்ன விற்கிறீர்கள், எந்த இடத்தில், எவ்வளவு நாளாக என்று எழுதி, விசாரித்துக் கடிதம் தரும்படி நகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் கொடுங்கள். வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டையோ, வியாபாரத்துக்காக முன்பு வாங்கிய குழுக் கடனின் பாஸ்புக்கோ இருந்தால் நகல் வையுங்கள். 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. விண்ணப்பத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் 15 நாள் எப்போது தொடங்கியது என்றே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

போகுமுன் ஆதாரோடு இப்போது கையில் இருக்கும் செல்போன் எண் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஓடிபி பழைய எண்ணுக்குப் போய் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த சிக்கல். அடுத்தது, ஆதாரில் ஒரு பேர், பாஸ்புக்கில் இன்னொரு பேர்.

கேள்வி (சங்க நிர்வாகி ஒருவர்): இந்தக் கடனுக்கு மத்திய அரசே கேரண்டி. கட்டலேன்னா அரசு பேங்குக்குக் கொடுத்துடும். அதனால பயப்படாம வாங்குங்கன்னு எங்க ஆளுங்ககிட்டச் சொல்லிட்டு இருக்கேன். சரிதானே சார்?

பதில்: முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள், உங்களை நம்பி வாங்குகிறவர்களுக்கு அது கெடுதல்.

உத்தரவாதம் வங்கிக்கு, கடன் வாங்கியவருக்கு இல்லை. உத்தரவாத அறக்கட்டளை வங்கிக்குப் பணம் கொடுத்த பிறகும் உங்கள் ஆளின் பேரில் கடன் அப்படியே இருக்கும், வங்கி வசூலித்தே ஆகும். சிபில் பதிவும் கெடும். அடுத்த கடன் எங்கேயும் கிடைக்காது.

அந்த உத்தரவாதமும் முழுசானது இல்லை. திட்டம் தொடங்கியபோது வகுத்த கணக்கைச் சொல்கிறேன். ஒரு வங்கி ஒரு வருடத்தில் மொத்தம் 1 கோடி ரூபாய் இப்படிக் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். முதல் 5 லட்சம் வரை வாராக்கடன் ஆனால் அது முழுசும் வங்கிக்குத் திரும்ப வரும். அடுத்த 10 லட்சத்துக்கு 75 சதவீதம், அதாவது ஏழரை லட்சம் வரும். அதற்கு மேல் போனதெல்லாம் வங்கியின் நஷ்டம். ஒவ்வொரு கடனுக்கும் தனித்தனியாக இல்லை, மொத்தக் கட்டுக்குத்தான் இந்தக் காப்பு. ஒரு சந்தையில் பத்துப் பேர் கட்டாமல் விட்டால் பதினோராவது ஆளின் விண்ணப்பத்தை மேலாளர் ஏன் இழுத்தடிக்கிறார் என்பது இதில் புரியும். உங்கள் பேச்சை நம்பி நாலு பேர் விட்டால் அடி படுவது பக்கத்துக் கடைக்காரருக்கு.

அதே நிர்வாகி: அப்ப பேங்க்ல பத்தாயிரத்தை டெபாசிட்டா பிடிச்சு வைக்கிறாங்களே, அது மட்டும் நியாயமா?

பதில்: நியாயம் இல்லை. இது ஈடில்லாக் கடன். டெபாசிட் பிடிப்பதும், ஜாமீன்தாரரின் சம்பளச் சீட்டு கேட்பதும் கூடாது. கிளையில் எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

கேள்வி (சொந்தக் கட்டடத்தில் மளிகைக் கடை): எனக்கும் இந்த 15,000 வேணும். கடை வீட்டு முன்னாடியே இருக்கு, ரோட்டைப் பார்த்துதான்.

பதில்: ரோட்டைப் பார்த்திருந்தால் போதாது. நிரந்தரக் கட்டடத்தில் நடக்கும் கடைக்கு ஸ்வநிதி வராது. நீங்கள் முத்ரா சிசு கேளுங்கள், 50,000 வரை ஈடில்லாமல் தருவார்கள். ஸ்வநிதியின் 7 சதவீத வட்டி மானியத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (தையல், இரண்டு மெஷின்): இன்னொரு ஓவர்லாக் மெஷினும் துணியும் வாங்க 80,000 வேணும். பிளவுஸ் தைக்கிறோம், ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன்லதான் பெரிய வருமானம். மாசாமாசம் ஒரே தொகை கட்ட முடியாது சார்.

பதில்: 50,000க்கு மேல் 5 லட்சம் வரை முத்ராவில் கிஷோர் பிரிவு. இதற்கும் ஈடு கிடையாது. பின்னால் வேறோர் உத்தரவாத நிதி நிற்கிறது.

உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி தவணை. மெஷினும் துணியும் ஒரே கடனில் போக வேண்டியதில்லை. மெஷினுக்கு விலைப்பட்டியல் வைத்துத் தவணைக் கடனாகக் கேளுங்கள். அது வருடக்கணக்கில் உழைக்கும், மாதத் தவணை அதற்குப் பொருந்தும். துணிக்கான பணத்தை ஓவர்டிராஃப்டாகக் கேளுங்கள். மே மாதம் எடுத்து, ஜூலையில் பணம் வந்ததும் உள்ளே போட்டால், எடுத்து வைத்திருந்த நாளுக்கு மட்டும் வட்டி. எல்லாவற்றையும் ஒரே தவணைக் கடனாக வாங்கினவர்கள்தான் ஆடி மாதம் தள்ளாடுவார்கள். சின்னத் தொகை என்று கிளையில் ஓவர்டிராஃப்ட் தர மறுக்கலாம். அப்போது தவணையைக் குறைத்து காலத்தைக் கூட்டிக் கேளுங்கள், முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

சிறுதொழில்களுக்கு அரசு தரும் உத்யம் பதிவை எடுத்துவிட்டுப் போங்கள், அதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது காசு கேட்டால் அவர் இடைத்தரகர்.

கேள்வி (பழ வியாபாரி மறுபடியும்): நமக்கு தினம் காசு வரும், மாசக் கடைசில கையில நிக்காது. தினம் கட்டலாமா?

பதில்: வங்கி மாதத் தவணைதான் வைக்கும், ஆனால் நீங்கள் தினமும் ஒதுக்கலாம். மாதம் 26 நாள் கடை போட்டால் நாளுக்கு 52 ரூபாய். 50 போதும் என்று நினைத்தால் 1,300தான் சேரும், தவணைக்கு 33 ரூபாய் குறையும். அந்த 33 ரூபாய்க்காகத் தானியங்கிப் பிடித்தம் திரும்பிவிட்டால் அதற்கு வங்கி தனியாகக் கட்டணம் போடும். க்யூஆர் வழியாக வரும் பணம் போய்ச் சேரும் கணக்கிலிருந்தே தவணை பிடிக்கச் சொல்லுங்கள். டிஜிட்டல் பரிவர்த்தனைக்குத் தரும் 1,600 வரையிலான கேஷ்பேக்குக்கும் அந்த க்யூஆர் உதவும்.

பிடித்தத் தேதியை ஒன்றாம் தேதியில் வைக்காதீர்கள். வாடகை, பால், பள்ளிக்கூடம் எல்லாம் அன்றைக்குத்தான் கழுத்தைப் பிடிக்கும்.

கேள்வி (சென்னை, சுண்டல் கடை): கடன் ஏற்கெனவே வாங்கிட்டேன். நவம்பர் மழையில இருபது நாள் கடை போடலை, ரெண்டு தவணை போச்சு. இப்ப என்ன பண்ண?

பதில்: ஒரு தவணை விழுந்து 90 நாள் கட்டாமல் போனால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும். அதுவரை மீட்டுவிடலாம். முதலில் விட்ட தவணையின் தேதியிலிருந்து நாளை எண்ணுங்கள். இரண்டையும் சேர்த்துக் கட்ட முடியாவிட்டால் பழைய ஒன்றையாவது அந்தத் தொண்ணூறு நாளுக்குள் கட்டுங்கள், எண்ணிக்கை அடுத்த தவணையின் தேதிக்கு நகரும். கணக்கு வாராக்கடன் ஆனால் வட்டி மானியமும் நின்றுபோகும், 25,000 கடனும் எட்டாது.

இன்னொன்று. செப்டம்பரிலேயே ஒரு தவணையைக் கூடுதலாகப் போட்டு வைத்தால் நவம்பரைத் தாண்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். சில வங்கிகளில் அதை அடுத்த தவணைக்கு வரவு வைக்கிறார்கள். சில இடங்களில் அசலில் கழித்துவிட்டு, அடுத்த மாதமும் வழக்கம்போல முழுத் தவணை கேட்கிறார்கள். உங்கள் கிளை எந்த வகை என்று பணம் போடுமுன் கேளுங்கள். இரண்டாவது வகையானால் அந்த 1,333ஐக் கடன் கணக்கில் போடாமல் சேமிப்புக் கணக்கிலேயே விட்டு வையுங்கள்.