நோயாளிகளை மட்டும் வைத்து நடத்திய ஆய்வை நம்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. போன மாதம் ஒரு புதன்கிழமை ஆஸ்துமா முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காற்றில் நுண்துகள் கூடும் நாட்களில் ஆஸ்துமா அட்மிஷனும் கூடுகிறது என்று ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். ஆனால் அதில் இருந்தது அட்மிட் ஆன குழந்தைகள் மட்டும்தான். நோயில்லாத குழந்தை ஒன்றுகூட இல்லை. ஒப்பிட ஆளே இல்லாமல் எப்படி முடிவு சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் தாத்தா சிகரெட் பிடிப்பவர். இதையெல்லாம் கணக்கில் எடுத்திருப்பார்களா?

பதில்: ஒப்பிட ஆள் இருக்கிறது, அதே குழந்தைதான். அவள் அட்மிட் ஆன நாளின் காற்றை, அட்மிட் ஆகாத வேறு சில நாட்களின் காற்றோடு வைத்துப் பார்க்கிறார்கள். இதற்குக் கேஸ்-கிராஸ்ஓவர் முறை என்று பெயர். 1991-ல் மால்கம் மக்ளூர் என்ற ஆய்வாளர் இதை முன்வைத்தார். உடற்பயிற்சி போன்ற சட்டென்று வந்துபோகும் ஒன்று மாரடைப்பைத் தூண்டுகிறதா என்பது மாதிரியான கேள்விகளுக்காக வந்த முறை. பிறகு காற்று மாசு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தாத்தாவின் சிகரெட்டுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அவள் அட்மிட் ஆனது 15-ம் தேதி, ஒப்பிடும் நாள் 8-ம் தேதி என்று வைத்துக்கொள்வோம். 15-ம் தேதியும் தாத்தா வீட்டில் இருந்தார், 8-ம் தேதியும் இருந்தார். குழந்தையின் வயது, அலர்ஜி, குடும்பத்தின் வருமானம், வீட்டுச் சுவரில் ஈரம் எல்லாமே இரண்டு நாளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே அவை தாமாகவே கழிந்துவிடுகின்றன. யாரும் போய் விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. வேறொரு குழந்தையோடு ஒப்பிட்டிருந்தால்தான் இவை ஒவ்வொன்றும் தலைவலி.

கஷ்டம் வேறொரு இடத்தில் இருக்கிறது. எந்த நாட்களை ஒப்பிட எடுப்பது? ஆய்வு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

அட்மிட் ஆன நாளுக்கு ஒரு வாரம் முந்திய நாளை எடுத்தால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். மாசு ஏறிக்கொண்டே போகும் பருவத்தை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 1 மைக்ரோகிராம் வீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது யார் என்றைக்கு அட்மிட் ஆனாலும், அந்த நாளின் காற்று ஒரு வாரத்துக்கு முன்பிருந்ததைவிட 7 மைக்ரோகிராம் மோசமாகத்தான் இருக்கும். கை எலும்பு முறிந்து வந்தவர்களை வைத்து இதே கணக்கைப் போட்டாலும், எலும்பை உடைத்தது காற்று என்று வந்துவிடும்! மாசு இறங்கும் பருவத்தில் நேர் எதிராக, மாசு நல்லது என்று வரும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும் என்றும் நம்ப முடியாது, ஏனென்றால் ஆஸ்துமா அட்மிஷன் வருஷம் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை.

இப்போது பலரும் செய்வது இது: காலண்டரை முன்கூட்டியே மாத மாதமாகப் பிரித்துவிடுகிறார்கள். குழந்தை அட்மிட் ஆன மாதத்தில் அதே கிழமை வரும் மற்ற எல்லா நாட்களும் ஒப்பீட்டு நாட்கள். உங்கள் மகள் 15-ம் தேதி புதன்கிழமை சேர்ந்தாள் என்று கொண்டால், 1, 8, 22, 29 ஆகிய நான்கு புதன்களும் அவளுக்கு ஒப்பீடு. காற்றிலுள்ள நுண்துகளின், அதாவது பி.எம். 2.5-ன் அளவு (உதாரணத்துக்குத்தான்) அட்மிட் ஆன நாளில் ஒரு கன மீட்டருக்கு 62 மைக்ரோகிராம். மற்ற நான்கு நாட்களில் 41, 38, 70, 45. நான்கின் சராசரி 48.5. அவளுடைய நாள் கொஞ்சம் மோசம்தான், ஆனால் 22-ம் தேதி அதைவிட மோசமாக இருந்தும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஒரு குழந்தையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் இப்படிப்பட்ட கட்டுகளைச் சேர்த்து, கண்டிஷனல் லாஜிஸ்டிக் ரெக்ரஷன் என்ற கணக்கில் போடும்போதுதான், அட்மிட் ஆன நாட்கள் மோசமான பக்கம் சாய்கின்றனவா என்று தெரியும்.

அதே கிழமை ஏன்? ஞாயிற்றுக்கிழமை வண்டிகளும் குறைவு, அட்மிஷனும் குறைவு. ஞாயிறையும் புதனையும் ஒப்பிட்டால் இல்லாத தொடர்பு முளைத்துவிடும். அட்மிட் ஆன பிறகு வரும் நாட்கள் ஏன்? இங்கே 1-ம் தேதி சேர்ந்த குழந்தைக்கு எல்லா ஒப்பீட்டு நாட்களும் பின்னால் வரும். 29-ம் தேதி சேர்ந்தவளுக்கு எல்லாம் முன்னால். மாசு ஏறும் மாதத்தில் ஒருத்தியிடம் ஏற்படும் பிழையை மற்றவள் ஈடுகட்டுகிறாள். உடற்பயிற்சி விஷயத்தில் இது முடியாது, மாரடைப்பு வந்தவர் அடுத்த வாரம் ஓடப் போகமாட்டார். ஆனால் ஒரு குழந்தை அட்மிட் ஆனதற்காக ஊர்க்காற்று மாறப்போவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டைகள் உண்டு. மாதத்துக்குள்ளேயே மாறும் விஷயங்கள் தாமாகக் கழியாது. வெப்பநிலையைத் தனியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல ஆய்வுகள் சேர்க்கின்றன. சளி வைரஸ்தான் தொல்லை. பள்ளி திறந்த சில வாரங்களில் ரைனோவைரஸ் பரவி, குழந்தைகளின் ஆஸ்துமா அட்மிஷன் திடீரென்று எகிறும். அதே வாரங்களில் பள்ளி வண்டிகளால் மாசும் ஏறினால், வைரஸ் செய்த வேலையும் காற்றின் கணக்கில் எழுதப்படும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. இன்றைய அட்மிஷனை நாளைய மாசோடு பொருத்திப் பார்ப்பது. நாளைய காற்று இன்றைக்கு யாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியாது. இன்றைய, நேற்றைய மாசைக் கணக்கில் வைத்த பிறகும் நாளைய மாசோடு தொடர்பு தெரிந்தால், வேறு ஏதோ உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, மாசு வேலை காட்ட எத்தனை நாள் பிடிக்கும்? அதே நாள், முந்திய நாள், மூன்று நாள் சராசரி என்று பலவிதமாகப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுப்பார்த்து, பெரிதாக வந்த ஒன்றை மட்டும் தலைப்பில் வைக்கும் ஆய்வை நான் பாதிதான் நம்புவேன்.

சரி, உங்கள் மகள் விஷயம். இப்படிப்பட்ட ஆய்வில் 10 மைக்ரோகிராமுக்கு 1.03 என்று முடிவு வந்தால், வழக்கமாக 100 பேர் சேரும் ஊரில் காற்று அவ்வளவு மோசமாகும் நாளில் 103 பேர் சேருவார்கள் என்று பொருள். அந்தப் புதன்கிழமை அவளைச் சாய்த்தது காற்றா, சளியா என்று இந்த எண்ணால் சொல்ல முடியாது. அவளுக்கு ஆஸ்துமா ஏன் வந்தது என்பதையும் சொல்லாது. அது பல வருஷக் காற்றைப் பற்றிய கேள்வி, அதற்கு வேறு வகை ஆய்வு வேண்டும்.

அப்புறம், தாத்தாவின் சிகரெட் கணக்கில் கழிந்துபோனதே தவிர, அவள் மூச்சுக்குழாயிலிருந்து கழியவில்லை. வீட்டுக்குள் அது வேண்டாம். தடுப்பு இன்ஹேலரை நன்றாக இருக்கும் நாட்களிலும் நிறுத்தாதீர்கள். காற்று மோசமான நாளில் வெளியே ஓடியாடுவதைக் குறைக்கலாம். நிவாரண இன்ஹேலர் நான்கு மணி நேரம்கூடத் தாங்காமல் திரும்பத் தேவைப்பட்டால், அன்றைய காற்று எப்படி இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.