வெளிநாட்டுப் பங்குதாரருக்கு மாதக் கணக்கு எப்படி அனுப்புவது?

"நண்பர் துபாயில் இருந்து முதல் போட்டிருக்கிறார், கடையை நான் மட்டும் பார்க்கிறேன். அவருக்குக் கணக்கு எப்படிக் காட்டுவது?"

முதல் போட்டு, லாபத்தில் பங்கு வாங்கி, அன்றாட வேலையில் தலையிடாதவரை ஸ்லீப்பிங் பார்ட்னர் என்கிறோம். கடையை அவர் பார்ப்பதில்லை. உங்கள் கணக்கைத்தான் பார்க்கிறார்.

சந்தேகம் பெரும்பாலும் திருட்டால் வருவதில்லை, லாபமும் ரொக்கமும் ஒன்றல்ல என்று சொல்லாமல் விடுவதால் வருகிறது. ஒரு பேக்கரியை எடுத்துக்கொள்ளுங்கள். மாத லாபம் 80,000 ரூபாய் என்கிறீர்கள். வங்கியில் கூடியதோ 10,000தான். மீதி எங்கே? கூடுதலாக வாங்கி வைத்த மைதா, சர்க்கரையில் 30,000, டீக்கடைகள் தர வேண்டிய பாக்கி 40,000. இந்த இரண்டு வரியை நீங்களே முதலில் எழுதிவிட்டால் அவர் கேட்கவே வேண்டியிருக்காது. கடன் வாங்கி ஊரில் வீடு கட்டுகிற அண்ணனுக்குத் தம்பி அனுப்பும் கணக்கு மாதிரிதான்: சுவர் எழும்பாத மாதத்தில், இறக்கிய கம்பியின் பில்லைக் காட்ட வேண்டும்.

அதனால் மாதம் 5ஆம் தேதிக்குள் விற்பனை, செலவு, சரக்கு, வர வேண்டிய பாக்கி, வங்கி இருப்பு ஆகியவற்றை ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். நீங்கள் எடுத்த சம்பளம் தனி வரியில் இருக்கட்டும். வங்கிக் கணக்கைப் பார்க்க மட்டும் அவருக்கு அனுமதி வாங்கிக் கொடுப்பது இன்னும் நல்லது. நஷ்ட மாதத்திலும் தேதி தள்ளக் கூடாது. தாமதம்தான் முதலில் பயமுறுத்தும்.

அப்புறம், ஒதுங்கியிருப்பவர் போட்ட முதலை மட்டுமே இழப்பார் என்று பலர் நினைக்கிறார்கள்; 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, சாதாரணக் கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பு.