முதலாளியிடம் இரண்டு நாள் விடுப்பு: அரபியில் எப்படிக் கேட்பது?

"குவைத்தில் வீட்டு ஓட்டுநராக இருக்கிறேன். உடம்பு சரியில்லை. இரண்டு நாள் விடுப்புக் கேட்டு அரபியில் சிறிய குரல்செய்தி அனுப்ப வேண்டும். என்ன சொல்வது?"

இப்படிச் சொல்லுங்கள்: "லவ் ஸமஹ்த், மும்கின் இஜாஸா யோமைன், அல்அஹத் வல்இத்னைன்? அன தஅபான். யோம் அத்துலாதா அர்ஜிஃ." தயவுசெய்து ஞாயிறு, திங்கள் இரண்டு நாள் விடுப்புக் கிடைக்குமா, உடம்பு சரியில்லை, செவ்வாய் திரும்புவேன் என்று பொருள்.

'இஜாஸா' என்றால் விடுப்பு. 'அனுமதித்தல்' என்ற வினையிலிருந்து வந்த சொல். நம் 'விடுப்பு', 'விடு' என்பதிலிருந்து வந்தது போலத்தான். அதனால் 'மும்கின்', அதாவது 'முடியுமா', என்று கேட்பது பொருந்தும். 'அபீ', 'வேண்டும்' என்று தொடங்கினால் கறாராக ஒலிக்கும்.

பலர் தடுமாறுவது எண்ணில். அரபியில் இரண்டுக்குத் தனி வடிவம் உண்டு: ஒரு நாள் 'யோம்', இரண்டு நாள் 'யோமைன்'. தமிழ் வழக்கில் 'யோம் இத்னைன்' என்று சேர்த்தால் அது திங்கட்கிழமையாகிவிடும். நீங்கள் இரண்டு நாள் கேட்டதாக நினைப்பீர்கள். அவர் திங்கள் ஒரு நாள் என்று எடுத்துக்கொள்வார். ஞாயிறன்று வண்டி எடுக்க ஆள் இல்லாதபோதுதான் சண்டை வரும். கிழமைகளையும் சொல்லச் சொன்னது இதற்காகவே. திரும்பும் நாளைச் சொன்னால், ஊருக்குப் போகும் நீண்ட விடுப்போ என்ற ஐயமும் எழாது.

'இன்ஷா அல்லாஹ்' என்று பதில் வந்தாலே அனுமதி கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அது உறுதியான சம்மதமாக இல்லாமலும் இருக்கலாம், 'தய்யிப்', அதாவது 'சரி', அல்லது 'மாஃபீ முஷ்கிலா', அதாவது 'பிரச்சினை இல்லை', என்ற சொல் வரும்வரை மறுபடி கேளுங்கள்.