தத்து லீவுக்கு 72 நாள் கூலியா, 84 நாள் கூலியா?

கேள்வி: வால்பாறைப் பக்கம் எஸ்டேட்டில் ஒன்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறேன். நாள் கூலி 500 ரூபாய். எங்களுக்கு இஎஸ்ஐ கிடையாது. என் அக்காவின் இரண்டு மாதக் குழந்தையை முறைப்படி தத்து எடுத்து, ஜனவரி 5 அன்று கையில் வாங்கினேன். அன்றிலிருந்து லீவ். ஆபீஸில் 72 நாள் கூலி, 36,000 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். "தத்து லீவுக்கு 72 நாள்தான், அது மாறாது" என்கிறார் கிளார்க். சரிதானா? டிரைவராக இருக்கும் என் வீட்டுக்காரருக்கும் லீவ் சம்பளம் கேட்கலாமா?

பதில்: சரியில்லை அம்மா. உங்களுக்கு இன்னும் 6,000 ரூபாய் வர வேண்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைச் சட்டப்படி தத்து எடுக்கும் தாய்க்கு, குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் லீவும் அதற்கான பணமும் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் இது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 60-ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டம் சொல்வது வாரக் கணக்கு. 72 நாள் என்று அதில் எங்குமே இல்லை. வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்து, 12 ஞாயிற்றுக்கிழமைகளை ஆபீஸ் தானாகக் கழித்திருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமைக்கு என்றைக்குமே கூலி இல்லை, இப்போது மட்டும் எப்படி?" என்று கேட்பார்கள். இதே கேள்வி உங்கள் கோவை மாவட்டத்து எஸ்டேட் ஒன்றிலிருந்துதான் சுப்ரீம் கோர்ட் வரை போனது. பிரசவ லீவில் போன ஒரு தொழிலாளிக்கு அங்கேயும் 72 நாள்தான் கொடுத்தார்கள். அவர் 84 நாள் கேட்டார். 1977-இல் வந்த தீர்ப்பு, வாரம் என்றால் ஏழு நாள், கூலி இல்லாத ஞாயிறும் ஓய்வு நாளும் கணக்கில் சேரும் என்றது. வழக்கின் பெயர் 'பி. ஷா எதிர் கோவை தொழிலாளர் நீதிமன்றம்'. அது பழைய மகப்பேறு சட்டத்தின் கீழ் வந்தது. ஆனால் வேலைக்கு வராத காலம் முழுவதற்கும் சராசரி நாள் கூலி வீதம் தர வேண்டும் என்ற விதி புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. தத்து லீவுக்கும் அதே வீதம்தான். ஆகவே ஜனவரி 5 முதல் மார்ச் 29 வரை 84 நாள். 500 வீதம் 42,000 ரூபாய்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். 84 நாளை ஒப்புக்கொள்கிற ஆபீஸ், சில நேரம் நாள் கூலியைக் குறைத்துவிடும். லீவுக்கு முந்தைய மூன்று மாதம், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நீங்கள் 70 நாள் வேலை பார்த்து 35,000 ரூபாய் வாங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வேலை பார்த்த 70 நாளால் வகுத்தால் 500. மூன்று மாதத்துக்கும் மொத்தம் 92 நாள் என்று அதால் வகுத்தால் 380 ரூபாய் சொச்சம்தான் வரும். அதை 84-ஆல் பெருக்கினால் 32,000 கூட வராது. இப்போது போட்டிருக்கும் 36,000-ஐ விடவும் குறைவு! வேலை பார்த்த நாட்களால்தான் வகுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் புதுக் கணக்கு வந்தால் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல், எதை எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். அந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, செக்ரோலில் உங்கள் பெயருக்கு நேரே விழுந்திருக்கும் நாட்களோடு ஒத்துப் பாருங்கள். மழையில் வேலை நின்ற நாள், நீங்கள் போகாத நாள் எதுவும் வகுக்கும் எண்ணில் சேரக் கூடாது.

தத்துப் பத்திரத்தில் குழந்தையை ஒப்படைத்த தேதி ஜனவரி 5 என்றே இருக்கிறதா என்றும் பாருங்கள். லீவ் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். பத்திரம் பதிவான நாளையோ, நீங்கள் மனு கொடுத்த நாளையோ ஆபீஸ் தொடக்கமாக வைத்தால், நடுவில் போன நாட்கள் கூலியில்லாத லீவாகிவிடும்.

மேனேஜருக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: குழந்தையை வாங்கிய தேதி, 84 நாள், 500 வீதம் 42,000, கொடுப்பதாகச் சொன்னது 36,000, பாக்கி 6,000. தத்துப் பத்திர நகலை இணைத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு ஆபீஸ் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைக்கு 36,000-ஐ வாங்குவதில் தப்பில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஒரு பகுதி மட்டும் பெற்றேன்" என்று எழுதுங்கள். "முழுவதும் பெற்றேன்" என்ற தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். பாக்கி வராவிட்டால் தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளரிடம் அந்த சீல் போட்ட பிரதியோடு போங்கள். தர வேண்டியதைத் தரச் சொல்லி உத்தரவிட சட்டம் ஆய்வாளருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. யூனியன்காரர் ஒருவரையும் கூட்டிப் போனால் பேச எளிதாக இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம் வேறு. மத்திய அரசு ஊழியர் ஒருவர் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தத்து எடுத்தால் 15 நாள் சம்பளத்தோடு லீவ் உண்டு. தனியார் வேலையில் இருக்கும் தந்தைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அவருடைய கம்பெனி விதியிலோ யூனியன் ஒப்பந்தத்திலோ ஐந்து நாள் என்று எழுதியிருந்தால் ஐந்து நாள்தான். ஒன்றும் எழுதாவிட்டால் சேர்த்து வைத்த சம்பள லீவைத்தான் எடுக்க வேண்டும்.