"அட்டெண்டர்கள் சம்மதித்தார்கள்" என்று எழுதினால் போதுமா?

கேள்வி: நான் 60 படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் டியூட்டி டாக்டர். நுரையீரல் புற்றுநோய் முற்றிய 74 வயது நோயாளிக்கு டி.என்.ஆர். எழுதச் சொன்னார் பெரிய டாக்டர். "டி.என்.ஆர். விளக்கப்பட்டது, அட்டெண்டர்கள் சம்மதம்" என்று கேஸ் ஷீட்டில் எழுதி மூத்த மகனிடம் கையெழுத்து வாங்கினேன். மறுநாள் மகள் வந்து "யாரைக் கேட்டு எழுதினீர்கள்?" என்று சண்டை போட்டார். நோயாளி இன்னும் வார்டில்தான் இருக்கிறார். நான் எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: அந்த ஒரு வரியில் கையெழுத்து இருக்கிறது, ஆனால் நடந்தது எதுவும் இல்லை. யார் பேசினார்கள், யார் கேட்டார்கள், நோயாளிக்கு நினைவு இருந்ததா, எதை நிறுத்தினோம், எதைத் தொடர்கிறோம் என்று பின்னால் யார் படித்தாலும் தெரியாது. மகளின் கோபம் பாதி இதனால்தான்.

முதலில் ஒரு விஷயத்தை நமக்குள் தெளிவாக்கிக்கொள்வோம். டி.என்.ஆர். என்பது இதயமோ மூச்சோ நின்றுபோனால் சி.பி.ஆர். செய்ய மாட்டோம் என்ற முடிவு மட்டுமே. இதற்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் இல்லை. 2020ல் ஐ.சி.எம்.ஆர். வெளியிட்ட வழிகாட்டுதல்தான் நமக்குக் கைப்பிடி. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வென்டிலேட்டரை எடுப்பது வேறு கதை. அதற்கு உச்ச நீதிமன்றம் 2018ல் வகுத்து 2023ல் எளிதாக்கிய வழி இருக்கிறது: இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே குறிப்பில் கலந்துவிடாதீர்கள்.

இனி குறிப்புக்கு வருவோம். முதல் வரியில் குடும்பம் வரக் கூடாது, மருத்துவக் காரணம் வர வேண்டும். சி.பி.ஆர். பலன் தராது என்பது மருத்துவரின் தீர்ப்பு; அதை மகனின் தலையில் கட்டக் கூடாது. "நெஞ்சை அமுக்கட்டுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டுக் கையெழுத்து வாங்கினால், அப்பாவைச் சாகவிட்டவன் நான்தான் என்று அந்த மனிதர் ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார். குடும்பத்திடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "அப்பாவால் இப்போது பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்?"

இரண்டாவது, நோயாளி. நம் ஊரில் இதைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம். "அவரிடம் சொல்லாதீங்க சார்" என்று வராந்தாவிலேயே மறித்துவிடுவார்கள். ஆனால் அவர் தெளிவாகப் பேசுகிற நிலையில் இருந்தால் அவரிடம் கேட்காமல் எழுதிய டி.என்.ஆர். அரைகுறைதான். நேரடியாக எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. "உடம்பைப் பற்றி முழுசாகத் தெரிஞ்சுக்கணுமா, இல்லை பிள்ளைகளிடம் பேசட்டுமா?" என்று கேளுங்கள். "பெரியவன்கிட்ட பேசிக்கோங்க" என்று அவர் சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியம்தான் மகனுக்குப் பேசும் தகுதியைத் தருகிறது. மூத்தவர் என்பதாலோ, பில் கட்டுகிறவர் என்பதாலோ அது வந்துவிடாது. நோயாளி முன்பே விருப்ப ஆவணம் எழுதி அதில் யாரையாவது குறிப்பிட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள்.

உங்கள் நோயாளியின் நிலையை வைத்தே ஒரு குறிப்பைக் கற்பனையாக எழுதிக் காட்டுகிறேன். பெயர்கள் வர வேண்டிய இடத்தில் உறவை மட்டும் போட்டிருக்கிறேன்.

"மாலை 6.20. நுரையீரல் புற்றுநோய், மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவியது. இனி புற்றுநோய்க்கான சிகிச்சை இல்லை. இப்போது நிமோனியா. இதயம் நின்றால் சி.பி.ஆர். பலன் தராது என்பது சிகிச்சை மருத்துவரின் முடிவு. நோயாளி மயக்க நிலையில் உள்ளார், கேள்விகளுக்குப் பதில் இல்லை. சர்க்கரை, சோடியம் சரியாக உள்ளன. விருப்ப ஆவணம் இல்லை என்கிறார்கள். ஆலோசனை அறையில் 25 நிமிடம் பேசினோம். இருந்தவர்கள்: மனைவி, மூத்த மகன், ஸ்டாஃப் நர்ஸ். இளைய மகன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ அழைப்பில். மகள் வரவில்லை, நாளை காலை வருகிறார். மனைவி: 'மிஷின் எல்லாம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுன்னு போன மாசமே சொன்னாரு.' மூத்த மகன் ஒப்புக்கொண்டார். இளைய மகன்: 'அம்மா சொல்றதுதான்.' முடிவு: சி.பி.ஆர். இல்லை, அதற்காகக் குழாய் போடுவதும் ஷாக் கொடுப்பதும் இல்லை. ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக், மார்ஃபின், சளி உறிஞ்சுதல், வாய்ப் பராமரிப்பு தொடரும். நாளை காலை 10 மணிக்கு மகளுடன் பேசி மறுபரிசீலனை."

கீழே சிகிச்சை மருத்துவரின் பெயர், பதிவு எண், கையெழுத்து. பேச்சில் இருந்த நர்ஸின் கையெழுத்தும் வேண்டும்.

இதில் "ஒப்புக்கொண்டார்" என்ற சொல்லை மூத்த மகனுக்கு மட்டும் போட்டிருப்பதைக் கவனியுங்கள். மற்றவர்கள் சொன்னதை அவர்கள் வாய்ச்சொல்லாகவே எழுதியிருக்கிறது. மௌனமாக உட்கார்ந்திருந்தவரைச் சம்மதித்தவர் கணக்கில் சேர்க்காதீர்கள். "இருந்தார், கருத்து சொல்லவில்லை" என்று எழுதுங்கள். மற்றதை ஆங்கிலத்தில் எழுதினாலும் இந்த வரிகளைத் தமிழிலேயே விடுங்கள். அழுதுகொண்டிருக்கும் அம்மாவிடம் ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கைநாட்டு வாங்குவதற்கு ஒரு மதிப்பும் இல்லை. எழுதியதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி, வாசித்தவர் யார் என்றும் எழுதுங்கள்.

எது தொடரும் என்ற வரியை விடவே விடாதீர்கள். டி.என்.ஆர். என்று பார்த்ததும் ரவுண்ட்ஸ் அந்தக் கட்டிலைத் தாண்டிப் போவதை நான் பார்த்திருக்கிறேன். டயாலிசிஸ், ஐ.சி.யூ. மாற்றம் போன்றவை தனித்தனி முடிவுகள்; டி.என்.ஆருக்குள் அவை தாமாக அடங்காது.

அப்புறம், எழுதியது இரவு டியூட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். நான் பயிற்சியில் இருந்த ஓர் இடத்தில் டி.என்.ஆர். குறிப்பு பழைய கேஸ் ஷீட் கட்டுக்குள் போய்விட்டது. புதுத் தாள் தொடங்கியவர் அதை எடுத்து எழுதவில்லை. விடிகாலை 3 மணிக்கு ஓடி வந்த டாக்டருக்கு எதுவும் தெரியாது. விலா எலும்பு முறிகிற சத்தத்தை மனைவி வெளியே நின்று கேட்டார். அதிலிருந்து ஷீட்டின் முதல் பக்கத்திலும் நர்ஸிங் ஓவர் புத்தகத்திலும் ஒவ்வொரு ஷிஃப்டும் எழுதவைக்கிறேன்.

சரி, இப்போது மகள். அவர் மறுக்கிறார் என்றால் அதையும் எழுதுங்கள்: "மகள் உடன்படவில்லை, காரணம் இது" என்று. பெரும்பாலும் மறுப்புக்குப் பின்னால் "கைவிட்டுவிட்டீர்கள்" என்ற பயம்தான் இருக்கும். என்னென்ன தொடர்கிறது என்று பெரிய டாக்டரே உட்கார்ந்து சொல்லட்டும். அதன் பிறகும் வீடு இரண்டாகப் பிரிந்து நின்றால், தொடர்பில்லாத இன்னொரு மூத்த மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அவர் கருத்தையும் சேருங்கள். அதுவரை டி.என்.ஆரை நிறுத்திவைக்கலாம் என்பது என் வழக்கம். நிறுத்திவைத்ததையும் நேரத்தோடு எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில், வீட்டார் கண்ணுக்காகப் பேருக்கு ஒரு சி.பி.ஆர். செய்வது மட்டும் வேண்டாம்.

உங்கள் பழைய வரியை அடிக்கவோ, நடுவில் செருகவோ, தாளை மாற்றவோ செய்யாதீர்கள். அடுத்த காலி இடத்தில் "தாமதமாக எழுதப்படும் குறிப்பு" என்று தலைப்பிட்டு, இன்றைய தேதி, நேரம் போட்டு, அன்று யார் யார் இருந்தார்கள், என்ன பேசினீர்கள் என்று நினைவில் உறுதியாக இருப்பதை மட்டும் எழுதுங்கள். அதற்குக் கீழே மகளுடன் நடக்கப்போகும் பேச்சின் குறிப்பு தனியாக வரட்டும்.