முழுக்க சைனா எழுத்து இருக்கிற இண்டக்ஷன் அடுப்பு கைக்கு வந்திருக்கிறது. பவர், டைமர், சைல்டு லாக் எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களுக்கும் யாரோ ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன அடுப்பாகத்தான் இருக்கும். எங்களுடையது அப்படி வந்ததுதான். பர்கூர் பக்கம் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வெளிநாட்டு சூப்பர்வைசர் ஒருவர் ரூமைக் காலி செய்தபோது கொடுத்தது. "ரெண்டாயிரம் ரூபாய்க்குப் புதுசே கிடைக்குமே, எதுக்கு இந்தத் தலைவலி" என்று கீழே எழுத வருபவர்கள், தயவுசெய்து வேறு பதிலுக்குப் போங்கள்.

பட்டனைத் தொடும் முன் அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள தகட்டில் 220V~ 50Hz என்று இருந்தால் நம்ம ஊர் கரண்டுக்கு ஒத்துவரும். 100V, 110V என்று இருந்தால் அது ஜப்பான், தைவான் சரக்கு, செருகவே வேண்டாம். 2100W என்று இருந்தால் 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தாங்காது. சாய்ந்த பின்னுக்கு அடாப்டர் மாட்டாமல், எலக்ட்ரீஷியனிடம் 16 ஆம்பியர் பிளக்காக மாற்றி வாங்குங்கள்.

லாக்கில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அக்கா மகள் பேனலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்புறம் அம்மா எதைத் தொட்டாலும் 'பீப்' சத்தம் மட்டும்தான். ரிப்பேர் கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போச்சு, 800 ஆகும்" என்றார். திருப்பி எடுத்து வந்துவிட்டேன். பூட்டுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடித்ததும் திறந்துகொண்டது. 童锁 என்று எழுதியிருப்பதுதான் அது. சில மாடல்களில் பூட்டுக்குத் தனிப் பட்டன் இருக்காது. இரண்டு பட்டன்களை ஒரு கோடு இணைத்து, நடுவில் பூட்டோ சாவியோ வரைந்திருக்கும். அப்போது இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பூட்டிய நிலையிலும் ஆஃப் பட்டன் பெரும்பாலும் வேலை செய்யும், பயப்படத் தேவையில்லை.

கடிகாரப் படத்தில் கவனம் வேண்டும். 定时 என்றால் இத்தனை நிமிடம் கழித்து அணையும். 预约 என்றால் இத்தனை நேரம் கழித்துத்தான் பற்றும். இரண்டும் ஒரே பட்டனில்கூட இருக்கலாம். எழுத்து அழிந்திருந்தால், பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் வைத்து, அடுப்பைப் போட்டு, அந்தப் பட்டனில் சிறிய நேரம் கொடுத்துப் பாருங்கள். சூடு ஏறிக்கொண்டே எண் குறைந்தால் அது அணைக்கும் டைமர். சூடு நின்று, எண் மட்டும் ஓடினால் மற்றது. ராத்திரி அரிசி போட்டு வைத்துவிட்டுப் படுப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

பவருக்குப் பிளஸ், மைனஸ் பட்டன்களே போதும், திரையில் வாட்ஸ் எண் வரும். மெனு பட்டனில் இருக்கும்போது சில அடுப்புகளில் பிளஸ், மைனஸ் வேலை செய்யாது, அதுவும் பழுதில்லை. ஆனால் அம்மா, "300லதான்டா வச்சிருக்கேன், பால் அடிபிடிக்குது" என்று தினமும் புலம்பினார். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் அணைத்துவிட்டு கரண்ட் மீட்டர் முன்னால் நின்றேன். எங்கள் மீட்டரில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருக்கிறது. சிவப்பு விளக்கு 3200 தடவை மின்னினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு நிமிடத்தில் மின்னுவதை எண்ணி, 60ஆல் பெருக்கி, 3200ஆல் வகுத்தால் கிலோவாட். முழு பவரில் 112 தடவை மின்னியது, அதாவது 2.1 கிலோவாட், தகட்டில் உள்ளபடியே. 300இல் வைத்தபோது நிமிடத்துக்கு 16 தடவை, அதுவும் சரிதான். ஆனால் சீராக மின்னவில்லை. கொஞ்ச நேரம் விநாடிக்கு ஒன்றாக மின்னும், பிறகு சும்மா இருக்கும், மறுபடியும் மின்னும். அதாவது சுமார் 1000 வாட்ஸில் விட்டுவிட்டு எரிகிறது. 300 என்பது சராசரி. இந்த வகை அடுப்புகளில் பல, குறைந்த நிலையில் இப்படித்தான் ஓடும். மெல்லிய பாத்திரத்தில் பால் பிடித்ததற்குக் காரணம் அதுதான். அடி கனமான பாத்திரத்துக்கு மாற்றியபின் புலம்பல் நின்றது.

மீட்டர் என்றதும் நினைவு வருகிறது. வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. எங்கள் வீட்டு ஓனர் சப் மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே பத்து ரூபாய் வாங்குகிறார். கேட்டால், "இஷ்டம்னா இருங்க" என்கிறார். இதற்கு யாராவது தனியாகக் கேள்வி போடுங்கள், விலாவாரியாக எழுதுகிறேன்.

கடைசியாக, அலுமினியக் குண்டானை வைத்தால் E0 என்றோ வேறு ஏதாவது குறியோ காட்டிப் பீப் அடிக்கும். காந்தம் ஒட்டாத பாத்திரம், அவ்வளவுதான். களி கிண்டும்போது பாத்திரம் நகர்ந்தாலும் அதே பீப். எங்கள் வீட்டில் களி மட்டும் இன்னும் கேஸ் அடுப்பில்தான்.