பத்திப் பாக்கெட்டின் பின்பக்கம்

எந்தக் கொசுவர்த்திச் சுருளில் புகை நன்றாக வரும்? இப்போது வாங்குவதில் புகையே போதவில்லை.
— நீடாமங்கலம் வாசகர்

கொசு மயங்குவது மருந்தில், புகையில் இல்லை. சுருளில் மருந்து நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், பசை, சாயம். அந்த மீதிதான் உங்கள் தொண்டைக்குப் போகிறது. 2003-இல் சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து ஓர் ஆய்வு வெளியானது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்றார்கள். இன்னும் புகை வேண்டுமா?

வாரச் சந்தையில் 'வேப்பிலை மூலிகைக் கொசுப் பத்தி, ரசாயனம் இல்லை' என்று விற்றதை வாங்கினேன். கதவைச் சாத்திக் கொளுத்தினால் ஐந்தே நிமிடத்தில் கொசு பொத்துப் பொத்தென்று விழுகிறது. ஆனால் மாமியாருக்கு விடிய விடியத் தொண்டை அரிப்பு, இருமல். மூலிகைக்கு இப்படி ஆகுமா?
— பாபநாசம் வாசகி

அம்மா, அது மூலிகையாக இருந்தால் கொசு விழுந்தே இருக்காது. வேப்பிலைப் புகைக்குக் கொசு விலகிப்போகும், அவ்வளவுதான். விழுந்த கொசு ஒன்றை டார்ச் அடித்துப் பாருங்கள். மல்லாந்து கிடந்து கால்கள் வெடுக் வெடுக்கென்று இழுக்கிறதா? நரம்பைத் தாக்கும் பைரித்ராய்டு மருந்தின் வேலை அது. வயலில் அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் இதே குடும்பம். மூக்கிலும் தொண்டையிலும் அரிப்பு, குறுகுறுப்பு, இருமல் என்று இவற்றின் குணமும் நீங்கள் எழுதியிருப்பதுதான். அதோடு பத்தியின் கரித்தூள் புகையும், வாசனைத் தைலத்தின் நெடியும் சேர்ந்தால் மூடிய அறையில் வயதானவர் என்ன பாடுபடுவார்!

இனி என் பழைய புலம்பல். தெரிந்தவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

என் மைத்துனர் அம்மாபேட்டைப் பக்கம் சம்பா போடுகிறவர். பூச்சிமருந்துக் கடையில் அவரோடு நின்றால் கால் கடுத்துவிடும். பாட்டிலைத் திருப்பி மருந்தின் பெயர், சதவீதம், பதிவு எண், காலாவதித் தேதி எல்லாம் பார்ப்பார். மூடி சீல் லேசாக அசைந்தாலும் வேறு பாட்டில் கேட்பார். அதே மனுஷன் திரும்புகிற வழியில் டீக்கடையில் தொங்கும் கொசுப் பத்தியை எதுவும் பார்க்காமல் கிழித்து வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறார். வயலில் மருந்து அடிக்கும்போது காற்று வீசுகிறது, இவரும் துண்டால் மூக்கைக் கட்டியிருக்கிறார். படுக்கையறையில் இரண்டும் கிடையாது. ஆனால் சட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, கொசுவைக் கொல்லும் எந்தப் பொருளும் மத்தியப் பதிவுக் குழுவில் பதிவு பெற்றபின்தான் விற்பனைக்கு வர வேண்டும்.

ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். மருந்தின் பெயரும் சதவீதமும் இருக்க வேண்டும். 'CIR' என்று தொடங்கும் பதிவு எண், தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். உரமூட்டைக் கடையில் பார்த்திருப்பீர்களே, சாய்சதுரத்தின் கீழ்ப்பாதியில் நிறம் அடித்த அந்த அடையாளமும் வேண்டும். உங்கள் பாக்கெட்டில் வேப்பங்கொத்துப் படமும் விலையும் மட்டும்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அப்படியானால் உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று விற்றவருக்கே தெரியாது.

பத்தியை இன்றே நிறுத்துங்கள், மீதியை எறிந்துவிடாதீர்கள். பிரித்த பாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பூச்சிமருந்து ஆய்வாளர்கள் வேளாண்மைத் துறையில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊர் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். சந்தைக் கடையில் மாதிரி எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. 1915 என்ற நுகர்வோர் எண்ணிலும் பதிவு செய்யுங்கள். ஏமாந்தது உங்கள் குற்றமில்லை. 'ரசாயனம் இல்லை' என்று அச்சடித்தவன் குற்றம்.

மாமியாருக்கு நாலு ராத்திரி எந்தப் புகையும் இல்லாமல் பாருங்கள். இருமல் அடங்கினால் காரணம் தெரிந்துவிடும். மூச்சு இழுத்தாலோ, நெஞ்சில் விசில் சத்தம் கேட்டாலோ நாலு நாள் காத்திருக்க வேண்டாம், அப்போதே டாக்டரிடம் போங்கள்.

ஆடித் தள்ளுபடியில் மூன்று டஜன் ஊதுபத்தி வாங்கினேன். கொளுத்தினாலே தொண்டை கட்டுகிறது. பில் வாங்கவில்லை, பாக்கெட்டையும் குப்பையில் போட்டாயிற்று. நஷ்டஈடு கிடைக்குமா?
— மயிலாடுதுறை வாசகர்

எதை வைத்து?

சாமி அலமாரிக்கு மேலே கூரை கறுத்துவிட்டது. கற்பூரம் காட்டினால் எல்லோருக்கும் செருமல். கலப்படமா?
— கும்பகோணம் வாசகி

கறுப்பதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கற்பூரத்தில் கரிச்சத்து அதிகம், சுத்தமானதும் கரும்புகையோடுதான் எரியும். கலப்படம் தெரிய வேண்டுமானால் பழைய எவர்சில்வர் கரண்டியில் ஒரு வில்லையை எரித்துப் பாருங்கள். நல்லது மிச்சமில்லாமல் போகும். கலந்தது மெழுகுபோலவோ வெள்ளைப் பொருக்காகவோ ஒட்டிக்கொள்ளும்.

நான் ஒரு கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள், சந்நிதித் தெருவில் மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கிலோ வாங்கியவன். ஆரத்தித் தட்டைக் கொட்டாங்கச்சியால் சுரண்டியே கை ஓய்ந்தது. அந்தக் கடைக்காரர் இன்றும் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்.

வில்லையை உடைத்து, பட்டாணி அளவு போதும். காட்டிவிட்டுத் தட்டை வாசலுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கைக்குழந்தைக்குத் தலை குளிப்பாட்டியதும் கம்ப்யூட்டர் சாம்பிராணி காட்டுகிறோம். சளி பிடிக்காமலிருக்க அறையை மூடிவிடுவோம். எந்தச் சாம்பிராணி நல்லது?
— மன்னார்குடி வாசகி

எதுவும் வேண்டாம். அந்தக் கிண்ணத்தில் பெரும்பாலும் கரித்தூள்தான். பாட்டி புகை காட்டியது முற்றம் வைத்த ஓட்டு வீட்டில். புகைக்கு வானம் திறந்திருந்தது. உங்கள் வீட்டில் குழந்தையின் மூக்குதான் திறந்திருக்கிறது. தலையைத் துண்டால் துவட்டுங்கள்.

தொண்டைக்காகப் 'புகையில்லா' சுருளுக்கு மாறினேன். மழைக்காலம், சன்னலைத் திறக்க முடியவில்லை. இப்போது காலையில் தலைவலி.
— திருத்துறைப்பூண்டி வாசகர்

மரத்தூளுக்குப் பதில் கரித்தூள் போட்டால் கண்ணுக்குத் தெரியும் புகை குறையும். கரி கனிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மூடிய அறையில் அது தலைவலியைத்தான் முதலில் காட்டும். சன்னலைத் திறக்க முடியாத ராத்திரியில் எந்தச் சுருளும் வேண்டாம்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு வலைதான். அதிலும் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஜிப் வைத்த கூடார வலை, பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருந்தது. கண் அவ்வளவு பெரிது. கொசு உடம்பை ஒடுக்கிக்கொண்டு சாவகாசமாக உள்ளே வந்தது. சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது நல்ல வலையின் கணக்கு. கடைக்கு ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். ஓர் அங்குல நீளத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று கண்ணாவது எண்ண வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், எண்ணி முடித்தபின் பணம் கொடுங்கள். பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள், மயிலாடுதுறைக்காரர் மாதிரி வராமல்.